திரையில் 103 ரூபாய், கணக்கில் 1,04,380 ரூபாய்

ரிசர்வ் வங்கி 2021 நவம்பரில் தொடங்கிய ரீடெய்ல் டைரக்ட் தளத்தில் இன்று யார் வேண்டுமானாலும் கணக்குத் திறந்து மத்திய அரசின் கடன் பத்திரத்தை வாங்கலாம். குறைந்தபட்சம் 10,000 ரூபாய் முகமதிப்புக்கு வாங்க வேண்டும். அப்படி வாங்கும் பலரும் முதல் தடவை ஒரே இடத்தில்தான் திகைத்து நிற்கிறார்கள். திரையில் விலை 103 என்று இருக்கிறது. அரசுப் பத்திரங்களின் விலையை 100 ரூபாய் முகமதிப்புக்கு இவ்வளவு என்றுதான் சொல்வார்கள். ஒரு லட்சம் ரூபாய் முகமதிப்புக்கு வாங்கினால் 1,03,000 ரூபாய் ஆக வேண்டும். ஆனால் கணக்கிலிருந்து போவது 1,04,380 ரூபாய் 56 காசு. மீதி 1,380 ரூபாய் எங்கே போனது? தரகு என்கிறார் ஒருவர், வரி என்கிறார் இன்னொருவர். "அரசாங்கத்திலயும் கமிஷனா?" என்று சலித்துக்கொள்பவர்களும் உண்டு.

அது தரகும் அல்ல, வரியும் அல்ல. பத்திரத்தை விற்றவருக்குச் சேர வேண்டிய வட்டி. நீங்கள் இப்போது முன்பணமாகக் கொடுத்து, அடுத்த வட்டித் தேதியில் அரசிடமிருந்து திரும்ப வாங்கிக்கொள்ளப் போகிற தொகை.

இதை ஒரு நிஜப் பத்திரத்தை வைத்தே பார்த்துவிடலாம். 2024 ஏப்ரல் 8 அன்று மத்திய அரசு வெளியிட்ட பத்திரம் ஒன்று உண்டு. சந்தையில் அதன் பெயர் ‘7.10% GS 2034’. வட்டி ஆண்டுக்கு 7.10 சதவீதம், முதிர்வு 2034 ஏப்ரல் 8. வட்டியை அரசு ஆண்டுக்கு இரண்டு தவணையாக, ஏப்ரல் 8 அன்றும் அக்டோபர் 8 அன்றும் தருகிறது. ஒரு லட்சம் ரூபாய் முகமதிப்பு வைத்திருப்பவருக்கு ஆண்டு வட்டி 7,100 ரூபாய். ஒவ்வொரு தவணையிலும் 3,550 ரூபாய்.

இந்தத் தவணையை அரசு யாருக்குக் கொடுக்கும்? வட்டித் தேதிக்கு முந்தைய நாள் பதிவேட்டை மூடும்போது யார் பெயரில் பத்திரம் இருக்கிறதோ அவருக்கு, முழுதாக. அந்த ஆறு மாதத்தில் பத்திரம் எத்தனை கை மாறியது, யார் எத்தனை நாள் வைத்திருந்தார் என்பதெல்லாம் அரசின் கணக்கில் வராது. ஒருவர் ஐந்து மாதம் 29 நாள் வைத்திருந்து விற்றிருந்தாலும் அரசிடமிருந்து அவருக்கு ஒரு பைசா கிடைக்காது. கடைசியில் வாங்கியவர் கையில் 3,550 ரூபாய் முழுதாக விழும்.

அரசு செய்யாத இந்தப் பங்கீட்டை வாங்குபவரும் விற்பவரும் தங்களுக்குள் செய்துகொள்கிறார்கள். மாத நடுவில், வாடகைக்குக் குடியிருப்பவரோடு சேர்த்து ஒரு வீட்டை வாங்குகிறீர்கள் என்று வையுங்கள். மாதக் கடைசியில் குடித்தனக்காரர் முழு வாடகையையும் உங்களிடம்தான் தருவார். ஆனால் முதல் பாதி மாதம் வீடு பழைய சொந்தக்காரருடையது. அந்தப் பாதி வாடகையை நீங்கள் அவருக்கு முன்கூட்டியே கொடுத்துவிட்டால் கணக்கு நேர். பத்திரச் சந்தையில் அந்தப் ‘பாதி வாடகை’தான் சேர்ந்த வட்டி. வங்கிகளின் கருவூலத் துறையில் இருப்பவர்கள் இதை ‘புரோக்கன் பீரியட் இன்ட்ரஸ்ட்’ என்பார்கள். திரையில் தெரிந்த 103, கிளீன் விலை. அதோடு சேர்ந்த வட்டியைக் கூட்டினால் வருவது டர்ட்டி விலை. கணக்கிலிருந்து போவது எப்போதும் டர்ட்டி விலைதான்.

இனி 1,380 ரூபாய் எப்படி வந்தது என்று பார்ப்போம். டிசம்பர் 17 அன்று நீங்கள் வாங்குவதாக வைத்துக்கொள்வோம். 103 என்ற விலை நான் கணக்குக்காக வைத்தது. அன்றைய நிஜ விலை வேறாக இருக்கலாம். அரசுப் பத்திர வியாபாரத்தில் பணமும் பத்திரமும் அடுத்த வேலை நாளில் கை மாறும். ஆகவே செட்டில்மென்ட் டிசம்பர் 18. நாள் எண்ணுவது இந்தத் தேதிவரைதான், ஆர்டர் போட்ட தேதிவரை அல்ல. சொந்தமாகக் கணக்குப் போட்டுப் பார்ப்பவர்கள் ஒரு நாள் வட்டி இடிக்கிறதே என்று குழம்புவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

கடைசி வட்டித் தேதி அக்டோபர் 8. அங்கிருந்து டிசம்பர் 8 வரை இரண்டு மாதம், மேலும் 10 நாள். காலண்டரை விரித்து எண்ணினால் 71 நாள் வரும். அரசுப் பத்திரக் கணக்கில் 70 நாள்தான். இந்திய அரசின் நீண்டகாலப் பத்திரங்களுக்கு மாதம் என்றால் 30 நாள், ஆண்டு என்றால் 360 நாள் என்று வைத்துத்தான் வட்டி போடுகிறார்கள். அக்டோபரின் 31ஆம் தேதி இந்தக் கணக்கில் இல்லாத நாள்.

```
சேர்ந்த வட்டி = 1,00,000 × 7.10% × 70 / 360 = 1,380.56
கிளீன் விலை  = 1,00,000 × 103 / 100        = 1,03,000.00
டர்ட்டி விலை                                = 1,04,380.56
```

ஏப்ரல் 8 அன்று உங்கள் கணக்கில் 3,550 ரூபாய் வரும். அதில் 1,380.56 நீங்கள் முன்பு விற்றவருக்குக் கொடுத்தது. அதைக் கழித்தால் 2,169.44. டிசம்பர் 18 முதல் ஏப்ரல் 8 வரை, அதே 30 நாள் மாதக் கணக்கில், 110 நாள். 7,100 ரூபாயை 360-ஆல் வகுத்து 110-ஆல் பெருக்கிப் பாருங்கள், அதே 2,169.44 வரும். நீங்கள் வைத்திருந்த நாளுக்கு உங்கள் வட்டி, அவர் வைத்திருந்த நாளுக்கு அவர் வட்டி.

மாதத்துக்கு 30 நாள் என்ற வழக்கத்தில் சில விநோதங்கள் உண்டு. ஒரு லட்சத்துக்கு ஒரு நாள் வட்டி 19 ரூபாய் 72 காசு. ஜனவரி 30 அன்று செட்டில் ஆனாலும் 31 அன்று செட்டில் ஆனாலும் சேர்ந்த வட்டி ஒன்றுதான். அந்த ஒரு நாளுக்கு யாருக்கும் எதுவும் ஏறாது. பிப்ரவரியில் இதற்குத் தலைகீழ். சாதாரண ஆண்டில் பிப்ரவரி 28-க்கு இந்தப் பத்திரத்தின் கணக்கு 140 நாள், மார்ச் 1-க்கு 143 நாள். ஒரே இரவில் மூன்று நாள் வட்டி, 59 ரூபாய் ஏறிவிடும். தொகை சிறியது. இதை வைத்து யாரும் பணம் பண்ணிவிட முடியாது. விற்பவரும் வாங்குபவரும் அறிந்த கணக்கு என்பதால் விலையிலேயே அது சரியாகிவிடும். நாள் எண்ணிக்கை ஏன் பொருந்தவில்லை என்று மண்டையை உடைத்துக்கொள்ளாமல் இருக்கத்தான் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். தனியார் கம்பெனிகளின் கடன் பத்திரங்களில் இந்தச் சிக்கல் இல்லை. அங்கே நிஜமான நாள்களை எண்ணி, ஆண்டுக்கு 365 அல்லது 366 என்று வகுக்கிறார்கள்.

இவ்வளவு சுற்றுவதற்கு மொத்த விலையையே திரையில் போட்டுவிடலாமே என்று தோன்றும். போட்டால் என்ன ஆகும் என்று பாருங்கள். வட்டி விகிதத்தில் எந்த மாற்றமும் இல்லை, சந்தை தூங்குகிறது, கிளீன் விலை 103-லேயே நிற்கிறது என்று வைப்போம். அப்போதும் மொத்த விலை தினமும் இரண்டு காசு வீதம் ஏறிக்கொண்டே இருக்கும். டிசம்பர் 18-ல் 104.38, ஏப்ரல் 6-ல் 106.51. ஏப்ரல் 8 அன்று வட்டி கொடுத்து முடிந்ததும் சட்டென்று 103-க்கு விழும். மறுநாளிலிருந்து மறுபடி ஏற்றம். படமாக வரைந்தால் ரம்பப் பல் மாதிரி இருக்கும். ஏப்ரல் 8 காலையில் அந்தப் படத்தைப் பார்ப்பவர், அரசுப் பத்திரம் ஒரே நாளில் மூன்றரை ரூபாய் சரிந்துவிட்டது என்று பதறிப் போவார். நிஜத்தில் எதுவும் நடக்கவில்லை. ஒரு கையிலிருந்த வட்டி இன்னொரு கைக்குப் போயிற்று, அவ்வளவுதான்.

சேர்ந்த வட்டி நாளை என்னவாக இருக்கும் என்பதைச் சொல்லச் சந்தை தேவையில்லை, காலண்டர் போதும். சந்தை பேரம் பேசுவது மீதியைப் பற்றி மட்டும்தான்: அடுத்த எட்டு வருடத்துக்கு 7.10 சதவீதம் என்பது நல்ல வட்டியா, மோசமான வட்டியா? இந்தப் பேரம் கலப்பில்லாமல் தெரிய வேண்டும் என்பதற்காகத்தான், அரசுப் பத்திரங்கள் மின்னணு முறையில் கை மாறும் என்.டி.எஸ்-ஓ.எம் தளத்தில் கிளீன் விலையில் ஆர்டர் போடுகிறார்கள். அக்டோபரில் வட்டி தரும் பத்திரத்தையும் டிசம்பரில் வட்டி தரும் பத்திரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட முடிவதும் இதனால்தான்.

கிளீன் விலையும் அசையாமல் நிற்பதில்லை என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். 103 கொடுத்து வாங்கிய பத்திரத்துக்கு 2034-ல் அரசு 100 ரூபாய்தான் திருப்பித் தரும். அந்த மூன்று ரூபாய் எட்டு வருடத்தில் கரைந்தாக வேண்டும். சந்தையின் வட்டி விகிதம் துளியும் மாறாவிட்டாலும் இந்தப் பத்திரத்தின் கிளீன் விலை அரையாண்டுக்குச் சுமார் 14 காசு இறங்கும். 7.10 சதவீத வட்டி வாங்கினாலும் 103-க்கு வாங்கியவரின் உண்மையான ஆண்டு வருமானம் சுமார் 6.6 சதவீதமாக இருப்பது இந்தக் கரைசலால்தான். அந்த வருமான விகிதத்தைக் கணக்கிடும்போதும் இன்று கையிலிருந்து போகிற தொகையாக டர்ட்டி விலையைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். கிளீன் விலையைப் போட்டுக் கணக்கிட்டால், கொடுத்த 1,380 ரூபாயை மறந்துவிட்டு, வரப்போகிற 3,550-ஐ மட்டும் சேர்த்துக்கொண்டது போல் ஆகும். வருமானம் பொய்யாக உயர்ந்து தெரியும்.

"வட்டித் தேதிக்கு நாலு நாள் முன்னால வாங்கினா ஆறு மாச வட்டி சும்மா கிடைக்குமே" என்ற யோசனையும் இதே மறதியில் பிறந்ததுதான். ஏப்ரல் 6-ல் செட்டில் ஆகும்படி வாங்கினால் ஒரு லட்சத்துக்கு 3,511 ரூபாயைச் சேர்ந்த வட்டியாகக் கொடுத்து, இரண்டு நாளில் 3,550-ஐ வாங்குவீர்கள். மிச்சம் 39 ரூபாய், இரண்டு நாள் வட்டி.

ஏலத்தில் வாங்கினால் இந்தத் தொல்லை இல்லை என்று நினைப்பதும் பாதிதான் சரி. புதிய பத்திரத்தின் முதல் ஏலத்தில் மட்டும்தான் சேர்ந்த வட்டி இருக்காது; அன்றுதான் வட்டி ஓடத் தொடங்குகிறது. அதன் பிறகு அரசு அதே பத்திரத்தை, அதே வட்டி, அதே முதிர்வோடு, மறுபடி மறுபடி ஏலத்துக்கு விடுகிறது. இந்திய அரசின் ஏலங்களில் இப்படி மறுவெளியீடாக வருபவை ஏராளம். அதில் வாங்குபவர் கடைசி வட்டித் தேதியிலிருந்து சேர்ந்த வட்டியை அரசுக்கே கொடுக்க வேண்டும். அடுத்த தவணையில் பழையவருக்கும் புதியவருக்கும் அரசு ஒரே மாதிரி 3,550 ரூபாய் கொடுக்கப் போவதால் இது இல்லாமல் முடியாது.

இதுவரை சொன்னது அரசுப் பத்திரச் சந்தையின் வழக்கம். பங்குச் சந்தைத் திரைக்குப் போனால் கதை வேறு, பணத்தை இழக்க வாய்ப்பு அதிகமும் அங்கேதான். கம்பெனிகள் பொதுமக்களுக்கு வெளியிட்ட என்.சி.டி எனப்படும் கடன் பத்திரங்கள் பங்குகளைப் போலவே சந்தையில் கை மாறுகின்றன. அங்கே திரையில் தெரிவது டர்ட்டி விலை. சேர்ந்த வட்டி அதற்குள்ளேயே ஒளிந்திருக்கிறது. கான்ட்ராக்ட் நோட்டில் தனியாக வராது.

ஓர் உதாரணம். முகமதிப்பு 1,000 ரூபாய், ஆண்டுக்கு 9 சதவீதம், வருடம் ஒருமுறை ஜூலை 1 அன்று 90 ரூபாய் வட்டி தரும் ஒரு பத்திரம். சாதாரண ஆண்டில் ஜனவரி 1 அன்று திரையில் விலை 1,030 ரூபாய். ஆயிரம் ரூபாய் பத்திரத்தை முப்பது ரூபாய் அதிகம் கொடுத்து வாங்குவதா என்று பலர் விலகிவிடுவார்கள். கணக்கைப் போடுங்கள். ஜூலை 1 முதல் ஜனவரி 1 வரை 184 நாள். 90-ஐ 184-ஆல் பெருக்கி 365-ஆல் வகுத்தால் 45 ரூபாய் 37 காசு. அதை 1,030-இலிருந்து கழித்தால் கிளீன் விலை 984 ரூபாய் 63 காசு. அதிக விலை என்று தோன்றிய பத்திரம் உண்மையில் முகமதிப்பைவிட 15 ரூபாய் மலிவாகக் கிடைக்கிறது. அதை வாங்குபவரின் வருமானம் 9 சதவீதத்துக்கு மேல்.

தவறு எதிர்ப் பக்கமும் நடக்கும். வட்டி கொடுத்து முடிந்த மறுநாள் அதே பத்திரம் 995-இல் நிற்கும்போது, "போன மாசம் 1,075 இருந்துச்சு, இப்ப எண்பது ரூபா இறங்கியிருக்கு, அள்ளிடலாம்" என்று குதிப்பவர்கள் உண்டு. போன மாதம் அதற்குள் எண்பது ரூபாய்க்கு மேல் வட்டி இருந்தது. அதைக் கழித்தால் பத்திரம் மலிவாகவில்லை, சற்று விலை ஏறியிருக்கிறது. ஆகவே திரையில் பார்க்கும் விலை எந்த வகை என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். கண்டுபிடிக்க எளிய வழி, கடந்த ஓராண்டின் விலைப் படத்தைப் பார்ப்பது. வட்டித் தேதியை ஒட்டி, வட்டித் தொகை அளவுக்குச் செங்குத்தாக ஒரு பள்ளம் விழுந்திருந்தால் அது டர்ட்டி விலை.

அந்தப் பள்ளம் சரியாக வட்டித் தேதியில் விழாமல் இரண்டு வாரம் முன்னதாகவே விழுவதைக் கவனித்தால் இன்னொரு விஷயம் புரியும். பட்டியலிட்ட கம்பெனிப் பத்திரங்களில் வட்டி யாருக்கு என்று முடிவாகும் ரெக்கார்டு தேதி, வட்டித் தேதிக்கு 15 நாள் முன்பே வந்துவிடுகிறது. நம் உதாரணத்தில் ஜூன் 16. அதற்குப் பிறகு, ஜூன் 20 அன்று வாங்குபவருக்கு ஜூலை 1-இன் 90 ரூபாய் கிடைக்காது. அது விற்றவருக்குப் போய்விடும். ஆனால் ஜூன் 20 முதல் ஜூலை 1 வரை 11 நாள் பத்திரம் வாங்கியவர் கையில் இருக்கிறது. அந்த நாள்களின் வட்டியான 2 ரூபாய் 71 காசையும் விற்றவரே அள்ளிக்கொள்ளப் போகிறார். இப்போது கணக்குத் தலைகீழாகிறது: சேர்ந்த வட்டியைக் கூட்டுவதற்குப் பதில், மீதி நாள்களின் வட்டியைக் கழிக்க வேண்டும். கிளீன் விலை 985 என்றால் வாங்குபவர் கொடுக்க வேண்டியது 982 ரூபாய் 29 காசு. வருடத்தில் டர்ட்டி விலை கிளீன் விலையைவிடக் குறைவாக இருக்கும் நாள்கள் இவை மட்டுமே. ரெக்கார்டு தேதியைப் பார்க்காமல் ஜூன் கடைசி வாரத்தில் வாங்கிவிட்டு, வட்டி ஏன் வரவில்லை என்று கம்பெனிக்கு எழுதுபவர்கள் இந்த இடத்தில் சிக்கியவர்கள்.

வரிக் கணக்கில்தான் இந்தப் பங்கீட்டின் நியாயம் கொஞ்சம் நொண்டுகிறது. நம் அரசுப் பத்திர உதாரணத்தில் ஏப்ரல் 8 அன்று வந்த 3,550 ரூபாயில் உங்களுக்கு உண்மையில் சேர்ந்தது 2,169 தான். கொடுத்த 1,380-ஐக் கழித்துவிட்டு மீதிக்கு மட்டும் வரி கட்டலாமா? விஜயா வங்கி வழக்கில் உச்ச நீதிமன்றம் முடியாது என்றது: பத்திரத்தை வாங்கும்போது சேர்ந்த வட்டிக்காகக் கொடுப்பதும் அந்தச் சொத்தை வாங்கக் கொடுத்த விலையின் பகுதியே, அது மூலதனச் செலவு. வங்கிகள் இதை எதிர்த்துப் பல ஆண்டுகள் வழக்காடின. பத்திரங்கள் எங்களுக்குச் சொத்து அல்ல, கடைக்காரருக்குச் சரக்கு மாதிரி என்பது அவற்றின் வாதம். 2024 அக்டோபரில் பேங்க் ஆஃப் ராஜஸ்தான் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்று, பத்திரங்களை வியாபாரச் சரக்காக வைத்திருக்கும் வங்கிகள் இந்தத் தொகையைச் செலவாகக் கழித்துக்கொள்ளலாம் என்று தீர்த்தது. முதலீடாக வாங்கி வைத்திருக்கும் தனிநபருக்கு அந்தச் சலுகை நீளவில்லை. அவர் வட்டி முழுவதையும் வருமானமாகக் காட்டி, கொடுத்த சேர்ந்த வட்டியை வாங்கிய விலையில் சேர்த்து வைத்துக்கொள்வதுதான் விஜயா வங்கித் தீர்ப்பின் வழி. அந்த 1,380 ரூபாய் வரிக் கணக்கில் அவருக்குப் பயன்படுவது, பத்திரத்தை விற்கும்போது அல்லது அது முதிரும்போது மூலதன ஆதாயம் பார்க்கையில்தான். அதற்காகத்தான் வாங்கிய நாளின் கான்ட்ராக்ட் நோட்டைத் தூக்கிப் போடாமல் வைத்திருக்க வேண்டும். கிளீன் விலை, சேர்ந்த வட்டி, இரண்டும் தனித்தனி வரியில் இருப்பது அந்த ஒரு தாளில்தான்.